தொழில் கடன்: வன உரிமைப் பட்டாவை அடமானம் வைக்க முடியுமா? வங்கிக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையில் சாமை, கேழ்வரகு அரைக்கும் சிறிய மாவு மில் போட ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் விண்ணப்பப் படிவம் கொடுத்துவிட்டார்கள். கூடவே, "எதுக்கு லோன், எப்படிக் கட்டுவீங்க, என்ன செக்யூரிட்டி இருக்குன்னு ஒரு லெட்டர் எழுதிட்டு வாங்க" என்கிறார் அதிகாரி. அந்த ஒரு பக்கக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? மலையில் பலரிடம் இருக்கும் வன உரிமைப் பட்டாவை அதில் அடமானமாகக் காட்டலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

எதற்காகக் கடன்?

"தொழில் தொடங்கப் பணம் தேவைப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் மேலாளருக்கு எதுவும் புரியாது. பணம் எந்தப் பொருளாக மாறப் போகிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார். உதாரணத்துக்கு இந்த மில்லையே எடுத்துக்கொள்வோம். இயந்திரமும் மோட்டாரும் 1,50,000 ரூபாய். அடித்தளம், ஒயரிங் 20,000 ரூபாய். கையிருப்புச் செலவுக்கு 30,000 ரூபாய். ஆக மொத்தம் 2 லட்சம். இதில் சொந்தப் பணம் 40,000 போக, கேட்கும் கடன் 1,60,000 ரூபாய்.

இந்தக் கணக்கு, இயந்திரம் விற்கும் கடைக்காரர் தரும் கொட்டேஷனோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். ஏனென்றால் இயந்திரத்துக்கான பணத்தை வங்கி பெரும்பாலும் கடைக்காரரின் கணக்குக்கே நேரடியாக அனுப்பும். கொட்டேஷனில் 1,50,000, கடிதத்தில் 1,80,000 என்று இருந்தால், மீதி எங்கே போகிறது என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்?

இங்கே பலர் செய்யும் தவறு, மரவள்ளிக் கிழங்கு வருமானத்தைக் காட்டுவது. மரவள்ளி அறுவடைக்கு வர ஒன்பது, பத்து மாதம் ஆகும். பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். ஆனால் தவணை மாதாமாதம் போக வேண்டும். அதனால் மில்லின் வருமானத்தில் இருந்தே தவணை கட்ட முடியும் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

ஒரு நாளைக்கு 80 கிலோ அரைத்து, கிலோவுக்கு 8 ரூபாய் கூலி வாங்கினால் 640 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 16,000 ரூபாய். மின்சாரத்துக்கு 3,000, பராமரிப்புக்கு 1,000 போனால் மிச்சம் 12,000. கடன் 1,60,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை சுமார் 5,314 ரூபாய் வரும்.

இதோடு நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் அரைப்பு பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? வருமானம் 8,000. மின்சாரம் 1,500, பராமரிப்பு 1,000 போக 5,500 ரூபாய் மிஞ்சும். தவணையைக் கட்டலாம், ஆனால் கையில் எதுவும் நிற்காது. அந்த மாதங்களில் வீட்டுச் செலவு எதில் இருந்து வரும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல மாதத்தை மட்டும் காட்டும் கடிதத்தை விட, மோசமான மாதத்தையும் காட்டும் கடிதத்தைத்தான் மேலாளர் நம்புவார்.

மும்முனை மின் இணைப்பு வரத் தாமதமாகும் என்றால் மூன்று மாதம் தவணை அவகாசம் கேட்கலாம். அந்த மூன்று மாதமும் வட்டி ஓடும் என்பதை மறக்கக் கூடாது. இந்தக் கடனுக்கு அது மாதம் 1,600 ரூபாய்.

வன உரிமைப் பட்டாவை அடமானம் வைக்கலாமா?

முடியாது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(4), இந்த உரிமை வாரிசுகளுக்குப் போகும், ஆனால் அதை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது என்கிறது. திருமணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. கடன் நின்றுபோனால் ஏலம் விட முடியாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்காது. பழங்குடியினரின் நிலம் கைமாறிப் போகாமல் காக்கும் அதே பிரிவுதான் இங்கே அடமானத்துக்கும் தடையாக நிற்கிறது.

அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா என்றால், விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதற்கான காலமும் ஒப்படை ஆணையில் இருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் கடிதத்தில் எழுதக் கூடாது. பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால், எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் கடன் கிடைக்காதா?

கிடைக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கான இந்த அளவு சிறிய கடனுக்குச் சொத்து அடமானம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். நம் உதாரணத்தின் 1,60,000 ரூபாய் கிஷோர் வகையில் வரும்.

இதில் செக்யூரிட்டி என்பது கடனில் வாங்கும் இயந்திரம்தான். இயந்திரம் கடையிலேயே ஓடும், ஆனால் அதன் மீது வங்கிக்கு உரிமை இருக்கும். இதைத்தான் ஹைப்போதிகேஷன் என்கிறார்கள். முத்ரா கடன்களுக்குத் தனியாக அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவாதம் வங்கியின் நஷ்டத்துக்கு மட்டுமே. கடன் வாங்கியவரின் பாக்கி அதனால் கழியாது. தவணை தவறினால் சிபில் ஸ்கோரும் விழும்.

"என்ன செக்யூரிட்டி கேட்டாலும் தரத் தயார்" என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. கேட்கக் கூடாததைக் கேட்க அதுவே வழிவிடும். வன உரிமைப் பட்டா நகலை இருப்பிடம், சாகுபடி ஆகியவற்றுக்கான ஆதாரமாக இணைக்கலாம். அடமானம் என்ற வரியில் மட்டும் அது வரக் கூடாது.

மாதிரிக் கடிதம்

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)

பொருள்: மாவு மில் அமைக்க ரூ.1,60,000 முத்ரா கிஷோர் கடன் வேண்டுதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கல்வராயன்மலை வட்டம், (ஊர்) கிராமத்தில் சிறுதானியம் அரைக்கும் மாவு மில் அமைக்க உள்ளேன். மொத்தச் செலவு ரூ.2,00,000. இதில் என் பங்கு ரூ.40,000. மீதி ரூ.1,60,000 கடனாக வேண்டும்.

மில்லில் செலவு போக மாதம் சுமார் ரூ.12,000, மழை மாதங்களில் ரூ.5,500 மிஞ்சும். இதில் இருந்து 36 மாதத் தவணை கட்டுவேன். மழை மாதங்களில் வீட்டுச் செலவை மரவள்ளி விற்றுச் சேர்த்து வைக்கும் பணம் பார்த்துக்கொள்ளும். மின் இணைப்பு வரும் வரை மூன்று மாதத் தவணை அவகாசம் வேண்டுகிறேன்.

கடனில் வாங்கும் இயந்திரம், மோட்டார் ஆகியவற்றை வங்கிக்கு ஹைப்போதிகேஷன் செய்து தருகிறேன். வேறு சொத்து அடமானம் இல்லை. கடன் உத்தரவாத நிதியின் கீழ் கடனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: கொட்டேஷன், உத்யம் பதிவுச் சான்று, ஆதார், பான், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், கடை இட ஆதாரம்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி, செல்போன் எண்)

கொடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு வங்கி சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டும், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறை. "லோன் வராதுங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேட்கலாம். சொத்து அடமானம் இல்லை என்பதே காரணம் என்று எழுதித் தந்தால், அதை வைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுக்கலாம். அங்கே 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.