அந்த ஆர்டரைப் போட்டது எந்த விதி?

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலை 11.42 மணி. ஒரு கணினி நிரல் கையிருப்பில் இருந்த பங்கைத் தானாகவே விற்றுவிடுகிறது. வாங்கிய விலையிலிருந்து அப்போது 0.9 சதவீதம்தான் இறங்கியிருந்தது. ஜூலையில் கணக்கைப் புரட்டும் பங்குதாரர் கேட்கிறார்: "நம்ம ஸ்டாப்லாஸ் 1.5 சதவீதம்தானே? அதுக்குள்ள ஏன் வித்துச்சு?" அமைப்புக் கோப்பைத் திறந்தால் 1.5 என்றே இருக்கிறது. நிரலின் மாற்ற வரலாற்றைப் பார்த்தால் ஜனவரிக்குப் பிறகு யாரும் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் விற்பனை நடந்திருக்கிறது.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் அல்கோ வர்த்தகத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான தவிப்பு. இதற்குக் காரணம், ஒரு அல்கோவின் முடிவு இரண்டு இடங்களிலிருந்து பிறக்கிறது என்பதை மறந்துவிடுவதுதான். "20 நாள் சராசரி விலை 50 நாள் சராசரியைத் தாண்டி மேலே போனால் வாங்கு, இவ்வளவு சதவீதம் இறங்கினால் விற்றுவிடு" என்ற விதி நிரலில் இருக்கும். அந்த 20, 50, 'இவ்வளவு' எல்லாம் தனிக் கோப்பில் இருக்கும். விதி ஆண்டுக்கு நான்கு முறை மாறலாம், எண்களோ வாரத்துக்கு நான்கு முறை மாறும். பலரும் முதலாவதை மட்டும் பத்திரமாகப் பதிந்து வைத்துவிட்டு, இரண்டாவதை சர்வரில் நேரடியாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

நிரலைப் பதிந்து வைக்கப் பெரும்பாலோர் பயன்படுத்துவது 2005-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட். ஒவ்வொரு முறை பதியும்போதும், அந்த நேரத்து நிரலின் உள்ளடக்கம் முழுவதற்கும் சேர்த்து அது ஓர் அடையாளம் தருகிறது. வழக்கமாக 40 எழுத்துகள் கொண்ட அதை ஹாஷ் என்கிறோம். இதை நிரலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம்: ஒரு எழுத்து மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும். எண்கள் உள்ள கோப்புக்கும் இப்படியே ரேகை எடுக்கலாம்.

```
git rev-parse HEAD
git status --porcelain
sha256sum params.json
```

முதல் கட்டளை நிரலின் ஹாஷைத் தருகிறது, மூன்றாவது எண்களுடையதை. நடுவில் இருப்பதுதான் எனக்கு மிக முக்கியமானது. பதியப்படாத திருத்தம் ஏதாவது இருந்தால் அது கோப்பின் பெயரைக் காட்டும், எதுவும் இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது. அது எதையாவது காட்டினால், உண்மைப் பணத்தில் ஓட நிரல் மறுத்துவிட வேண்டும். அவசரத்தில் சர்வரிலேயே திருத்திவிட்டுப் பதியாமல் விட்டால், ஹாஷ் ஒன்றைச் சொல்லும், ஓடுவது வேறொன்றாக இருக்கும். ஹாஷே இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

நிரல் தொடங்கும்போது இந்த அடையாளங்களை எடுத்து, அந்த ஓட்டத்துக்கென்று R4821 போல ஒரு சிறு எண் கொடுத்து, அழிக்கவோ மாற்றவோ முடியாத பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு போகும் ஒவ்வொரு ஆர்டரின் டேகிலும் அந்த எண் ஏறும். புரோக்கர்கள் தரும் டேகில் சில எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கும், 40 எழுத்து ஹாஷ் அதில் அடங்காமல் போகலாம். அதனால்தான் சிறு எண் ஆர்டரோடு போகிறது, முழு விவரம் நம் பதிவேட்டில் தங்குகிறது.

எண்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பில் ஸ்டாப்லாஸ் எழுதப்படவே இல்லையென்றால், நிரல் தனக்குள் வைத்திருக்கும் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பை அப்படியே சேமிப்பது போதாது. நிரல் எல்லாவற்றையும் படித்து முடித்து, நினைவகத்தில் உண்மையில் வைத்திருக்கும் மதிப்புகளின் முழுப் பட்டியலையும் எழுத வேண்டும். அதையும் பெயர் வரிசைப்படி அடுக்கிய பிறகே ஹாஷ் எடுக்க வேண்டும். வரிசை மாறினாலே, எண்கள் அதேயாக இருந்தாலும், ரேகை மாறிவிடும்.

இப்போது அந்த மார்ச் விற்பனைக்கு வருவோம். டேகில் R4821. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே நிரலின் ஹாஷ் ஜனவரியில் பதிந்ததேதான், ஆனால் எண்களின் ஹாஷ் இன்றைய கோப்புடையது அல்ல. சேமித்த பட்டியலில் ஸ்டாப்லாஸ் 0.8. சந்தை கொந்தளித்த அந்த வாரத்தில் யாரோ அதை இறுக்கியிருக்கிறார்கள், பிறகு பழையபடி 1.5 ஆக்கியிருக்கிறார்கள். 0.8-ல் கிளம்பிய ஆர்டர் விற்று முடிவதற்குள் விலை இன்னும் சற்று இறங்கி 0.9 ஆகியிருக்கிறது. வாங்கிய ஆர்டரின் டேகோ R4815, அதாவது ஸ்டாப்லாஸ் இன்னும் 1.5 ஆக இருந்த ஓட்டம். ஒரே வர்த்தகத்தின் இரு முனைகளையும் இரு வேறு அமைப்புகள் செய்திருக்கின்றன. லாப நஷ்டத்தை அலசுபவர் இரண்டில் ஒன்றின் கணக்கில் இதைச் சேர்த்துவிட்டால், அந்த உத்தியைப் பற்றிய முடிவே தவறிவிடும்.

அடையாளத்தை வட்டிலிருக்கும் கோப்பிலிருந்து எடுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏறியது. எட்டாவதில் 'பவர் பெக்' என்ற, 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் கிடந்தது. புதிய நிரல் பயன்படுத்திய அதே சுவிட்ச்தான் பழையதையும் இயக்கும். சந்தை திறந்ததும் 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்காக, சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

அந்த 45 நிமிடங்களுக்குள் நடந்த ஒன்றுதான் நம் விஷயத்துக்கு உயிரானது. பழுது எங்கே என்று தேடியவர்கள், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது, நிலைமை இன்னும் மோசமானது. ஒவ்வொரு ஆர்டரும் தன்னை அனுப்பிய சர்வரின் நிரல் அடையாளத்தைச் சுமந்திருந்தால், தவறான ஆர்டர்கள் எல்லாம் ஒரே அடையாளத்தின் கீழ் குவிவது கண்ணில் பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இந்தியாவில் செபி 2025 பிப்ரவரி 4 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ ஆர்டர்களில் பங்குச்சந்தை வழங்கும் தனி அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது. தர்க்கம் பயனருக்குத் தெரியாத 'பிளாக் பாக்ஸ்' அல்கோவில் தர்க்கம் மாறினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். எந்த அல்கோ என்பதை இந்த அடையாளம் சொல்லும். அன்று ஸ்டாப்லாஸ் எவ்வளவு என்பதைச் சொல்லாது, அது நம் பதிவேட்டின் வேலை.

பதிவேடு சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, மாதம் ஒருமுறை சில பழைய வர்த்தகங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதே நிரல், அதே எண்களோடு திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அதே முடிவு வர வேண்டும். வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விலைத் தரவை. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தது. அதற்குப் பிறகு, சரிசெய்யப்பட்ட தரவில் பழைய விலைகள் எல்லாம் பாதியாகிவிட்டன. "விலை 2,500-க்கு மேல் இருந்தால் மட்டும் வாங்கு" என்ற விதிப்படி அதற்கு முந்தைய வாரத்தில் நியாயமாக நடந்த வாங்கல், இன்று திரும்ப ஓட்டினால் நடக்காது. நிரலும் எண்களும் சரி, அது பார்த்த விலை மட்டும் இப்போது இல்லை. ஆகவே முடிவெடுத்த கணத்தில் நிரல் கண்ட கடைசி விலை, இரு சராசரிகள், கையிருப்பு ஆகியவற்றையும் ஆர்டரோடு ஒரே வரியில் எழுதி வையுங்கள். தரவும் பொருந்தி முடிவு மட்டும் மாறினால், அடுத்துப் பார்க்க வேண்டியது நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பு. அந்தப் பட்டியலையும் கிட்டிலேயே நிரலோடு சேர்த்துப் பதிந்துவிட்டால், அதே ஹாஷுக்குள் அதுவும் அடங்கிவிடும்.