ஒரு டம்ளர் காப்பியும் 130 லிட்டர் தண்ணீரும்

காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் ஃபில்டரிலிருந்து டிகாக்‌ஷன் சொட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் பால் பொங்குகிறது. ஒரு டம்ளர் காப்பிக்கு இங்கே தேவைப்படுவது 7 கிராம் தூள், 100 மில்லி பால், ஒரு கரண்டி சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர். கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் அரை டம்ளர்கூட இல்லை. ஆனால் ஒரு கோப்பைக் காப்பிக்குப் பின்னால் 130 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த அர்யென் ஹூக்ஸ்ட்ராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். இது பாலும் சர்க்கரையும் சேராத கறுப்புக் காப்பிக்கான கணக்கு.

அந்த எண் கேட்டவரைத் திடுக்கிட வைக்கும். அதனாலேயே அதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். 130 லிட்டரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மழைநீர். காப்பிச் செடி ஆண்டு முழுவதும் மண்ணிலிருந்து உறிஞ்சி இலை வழியே காற்றில் விடும் ஈரம் அது. அந்த மலையில் காப்பி இல்லாமல் காடு நின்றிருந்தாலும் மரங்கள் அந்த மழையைக் குடித்தே இருக்கும். எனவே அந்தப் பெரும்பகுதியை இழப்பாக எழுதுவது சரியல்ல. மீதமுள்ள சில லிட்டர்கள்தான் கவனிக்க வேண்டியவை.

குடகை எடுத்துக்கொள்வோம். காவிரி பிறக்கும் அந்த மலைகளில் ரோபஸ்டா காப்பி ஏராளம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் ரோபஸ்டா மொட்டு விரியும். தோட்டக்காரர்கள் அதை பிளாசம் ஷவர் என்பார்கள். அது தவறினாலும் தாமதித்தாலும் அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும் என்பதால், வசதியுள்ளவர்கள் ஸ்பிரிங்ளர் வைத்துச் செயற்கை மழை பொழிகிறார்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். அந்த ஏக்கர் 450 கிலோ கொட்டை தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வரும். பூத்தபின் பிஞ்சு நிற்க இன்னொரு முறை இறைத்தால் 4 லிட்டர்.

130-க்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஓடையும் குளமும் வற்றி, ஆறு மிக மெலிந்து ஓடும் மாதத்தில் எடுக்கப்படும் தண்ணீர் இது. ஜூலையில் மலையில் கொட்டும் நூறு லிட்டரையும் மார்ச்சில் ஓடையிலிருந்து இறைத்த இரண்டு லிட்டரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. மழைக்காலத்தில் குளம் வெட்டிச் சேமித்த நீரை இறைக்கும் தோட்டத்துக்கும், கோடையில் ஓடையில் நேரே பம்பு வைக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 130 என்ற எண்ணுக்குள் தெரிவதே இல்லை.

இன்னொரு இடம் பல்ப்பிங் கொட்டகை. அரபிக்காவில் பெரும்பகுதி இங்கேதான் பதமாகிறது. பழுத்த பழத்தின் தோலை பல்ப்பர் உரித்துவிடும். கொட்டையின் மேல் வழுவழுப்பான சதைப்பசை ஒட்டியிருக்கும். அதை நொதிக்கவிட்டுக் கழுவி எடுப்பார்கள். கழுவிய நீரில் சர்க்கரையும் புளிப்பும் கலந்திருக்கும். அது ஓடையில் போனால் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகி, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நீர் கறுத்து நாற்றமடிக்கும், மீன் செத்து மிதக்கும். அறுவடை மாதங்களில் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஆய்வகமே வேண்டாம், மூக்கு போதும். பசையைத் தேய்த்து எடுக்கும் புதுவகை பல்ப்பர்கள் தண்ணீரைப் பல மடங்கு குறைக்கின்றன. கழிவுநீரைத் தொட்டியில் தேக்கிச் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறிப்பது முதல் படி. பழத்தைத் தோலோடு வெயிலில் காயவைத்தால் இந்தக் கழிவுநீர் இல்லை.

தண்ணீரை விட்டு, கரியமில வாயுக் கணக்குக்கு வருவோம். சமையலறையில் நிற்பவர் முதலில் சந்தேகப்படுவது அடுப்பையும் லாரியையும்தான். பாலையும் நீரையும் காய்ச்ச இரண்டரை கிராம் எரிவாயு போதும். அதிலிருந்து வருவது சுமார் 7 கிராம் கரியமில வாயு. மலையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் லாரியில் வந்த தூளுக்கு, கோப்பை ஒன்றுக்கு அரை கிராம் அளவே வரும். கொட்டை கப்பலில் போகாமல் விமானத்தில் பறந்தால்தான் பயணக் கணக்கு பெருக்கும்.

தோட்டத்தில் பெரிய செலவு யூரியா போன்ற தழைச்சத்து உரம். மண்ணில் போட்டதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக ஆவியாகிறது. அது எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கோஸ்டாரிகாத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு, தோட்ட அளவிலான வெளியேற்றத்தில் பெரும்பகுதி இந்த உரத்தால்தான் என்று கண்டது. அங்கே விளைந்த ஒரு கிலோ பச்சைக் கொட்டை ஐரோப்பியக் கோப்பையில் சேரும்வரை 4.8 கிலோ என்பது அதன் மொத்தக் கணக்கு. நம் டம்ளருக்குள் இறங்கும் கொட்டைக்கு அந்த அளவுகோலைப் போட்டால் 40 கிராம் வரும். காட்டை அழித்து நட்ட தோட்டம் என்றால் இது பொருந்தாது, கணக்கு எங்கோ போய்விடும். இந்தியக் காப்பி பெரும்பாலும் மரநிழலில் வளர்வது இந்த விஷயத்தில் ஒரு பெரிய நன்மை. நிழல்மரத்தை வெட்டி விற்கத் தொடங்கினால் அந்த நன்மையும் போகும்.

இனி பால். ஒரு கிலோ பாலுக்கு உலக சராசரியாக 2.4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2010-இல் மதிப்பிட்டது. 100 மில்லிக்கு 240 கிராம். காப்பித்தூளைப் போல ஆறு மடங்கு! மாடு அசைபோடும்போது அதன் இரைப்பையில் உருவாகி ஏப்பமாக வெளியேறும் மீத்தேன்தான் முக்கியக் காரணம். வெறும் வைக்கோல் தின்று நாளுக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டிடம், ஒவ்வொரு லிட்டரின் மேலும் விழும் மீத்தேன் பங்கு அதிகம். பத்து லிட்டர் கறப்பதில் மீத்தேன் பத்தாகப் பங்கு பிரிகிறது. பசுந்தீவனமும் நல்ல பராமரிப்பும் இந்தக் கணக்கைக் குறைப்பது இப்படித்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டபோதும், பால் மிகுந்த லாட்டேயின் சுமை பாலில்லாத எஸ்பிரெஸோவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது.

100 மில்லி பாலுக்கு 100 லிட்டர் அளவில் தண்ணீரும் உண்டு, பெரும்பாலும் தீவனம் வளர்க்க. ஒரு கரண்டி சர்க்கரைக்கு உலக சராசரி 18 லிட்டர். தமிழ்நாட்டில் கரும்பு வானம் பார்த்த பயிர் அல்ல. வாய்க்காலும் ஆழ்துளைக் கிணறும்தான் அதை வளர்க்கின்றன. ஆகவே பாசன நீரை மட்டும் பார்த்தால், காப்பியைவிட அதில் கலக்கும் சர்க்கரைதான் அதிகம் இழுக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு காப்பி பிரியர்கள் செய்யக்கூடியது கடினமானதல்ல. குடிக்கிற அளவுக்கே கலக்கலாம், ஆறிப்போனதைக் கொட்டாமல் இருக்கலாம், டிகாக்‌ஷனைக் கொஞ்சம் திக்காக இறக்கிப் பாலைக் குறைக்கலாம். ஒரு டம்ளரில் 20 மில்லி பால் குறைந்தால் மிச்சமாவது 48 கிராம். அந்த டம்ளரில் கலந்த காப்பியின் மொத்தக் கணக்கே 40 கிராம்தான்.