டம்ளரில் ஓட்டை இருக்கிறதா?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தால், சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக நனைந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் இப்படி இரண்டு விடைகள் வரக்கூடும்.

முதல் பிள்ளை: “டம்ளர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. அது வழியா தண்ணி வெளியே கசியுது. மண்பானைலயும் அப்படித்தான் கசியும். சுடுதண்ணி ஊத்தினா வெளியே நனையாது, ஏன்னா சூட்டுல ஓட்டை மூடிக்கும்.”

இரண்டாவது பிள்ளை: “நீராவி சுருங்குவதால் வருகிறது.”

இரண்டாவது விடைக்குச் சரி, முதலாவதற்குத் தவறு என்று போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் விடை சரியா தவறா என்பது ஒரு கேள்வி. பிள்ளை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் அடுத்து என்ன கேட்பது என்று நமக்குத் தெரியும்.

யோசனையின் ஆழத்தை அளக்க ஜான் பிக்ஸ், கெவின் காலிஸ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் உதவுகிறது. அதன் ஐந்து நிலைகளை நம் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம்:

0. விளக்கமே இல்லை. “டம்ளர் ஈரமா இருக்கு” என்று கண்டதையே திரும்பச் சொல்வது.
1. ஒரே ஒரு காரணம். “தண்ணி ஜில்லுன்னு இருக்கு, அதனாலதான்.”
2. பல செய்திகள், ஆனால் கோக்கப்படாதவை. “காத்துல நீராவி இருக்கு. டம்ளர் ஜில்லுன்னு இருக்கு.”
3. செய்திகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. “டம்ளர் ஜில்லுன்னு இருக்கறதால அதைத் தொடற காத்தும் குளிருது; அப்போ அதுல இருக்கற நீராவி தண்ணியா மாறி ஒட்டிக்குது.”
4. அதே விளக்கத்தைப் புதிய இடத்தில் பயன்படுத்துவது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் ஏன் பனி படர்கிறது என்று பிள்ளை தானே சொல்வது.

இப்போது இரண்டு விடைகளையும் இதில் வைத்துப் பாருங்கள். ‘சுருங்குவதால்’ என்ற விடை சரிதான். ஆனால் அது 1ஆம் நிலை. ஆவி எங்கே இருந்தது, டம்ளர் மேல் மட்டும் ஏன் படிந்தது என்று எதுவும் அதில் இல்லை. ஓட்டை விடை தவறு. ஆனால் அது 3ஆம் நிலை. தான் பார்த்த மண்பானை, குளிர்ந்த தண்ணீர், சுடுதண்ணீர் மூன்றையும் ஒரே காரணத்தில் கட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை.

இந்தத் தவறான கருத்து புதிதும் அல்ல. நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன், மார்க் காஸ்குரோவ் இருவரும் 8 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் தண்ணீரைப் பற்றி உரையாடி, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தண்ணீர் பாத்திரத்தின் வழியே வருகிறது, குளிர்ச்சியே வெளியே வருகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து தண்ணீராகின்றன என்றெல்லாம் அங்கேயும் பிள்ளைகள் சொன்னார்கள். கடைசி விளக்கம் பள்ளியில் வேதியியல் கேள்விப்பட்ட பெரிய பிள்ளைகளிடமிருந்து வருவது. பாடம் படிப்பதால் தவறான கருத்து போய்விடுவதில்லை. சில சமயம் புதிய சொற்களை உடுத்திக்கொள்கிறது.

முதல் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லலாம்? அதன் விளக்கத்தில் உண்மையாக இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்பானை கசிகிறது, அதற்கு நுண்துளைகள் உண்டு. சுடுதண்ணீர் ஊற்றினால் டம்ளர் வெளியே நனையாது என்பதும் சரி. தவறு ஒரே இடத்தில் இருக்கிறது: மண்ணுக்குப் பொருந்துவதை எவர்சில்வருக்கும் பொருத்தியதில். அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்.

“மண்பானை கசியறது நிஜம்தான். சரி, தண்ணியே இல்லாம, ஒரு கனமான கரண்டியை ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா அது மேல நனையுமா? எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லு.”

“நனையாது. உள்ளே தண்ணி இல்லையே.”

முன்கூட்டியே சொல்ல வைப்பதுதான் இதில் முக்கியம். கரண்டியை எடுத்துத் துணியால் துடைத்துவிட்டு மேசையில் வையுங்கள். மறுபடியும் நனையும். கசிய எதுவுமே இல்லாத இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்குப் பதிலாக டம்ளர் தண்ணீரில் கலர் கலந்து பார்க்கலாம் என்று தோன்றும். வெளியே கலரில்லாத தண்ணீர் நிற்பதைக் கண்டும், “ஓட்டை கலரை வடிகட்டிடுச்சு” என்று பிள்ளை தப்பித்துக்கொள்ள முடியும். கரண்டியில் அந்த வழி இல்லை.

ஆனால் அடுத்த விடை உடனே சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். “அப்போ ஜில்லுதான் தண்ணியா மாறுது” என்று பிள்ளை சொல்லலாம். ஓட்டை போய்விட்டது, இப்போது குளிர்ச்சி ஒரு பொருளாகிவிட்டது. இதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒரே மாதிரி குளிரவைத்த, இறுக்கி மூடிய இரண்டு பாட்டில்களை எடுங்கள். ஒன்றை வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில் வையுங்கள், மற்றொன்றை நெடுநேரம் ஏசி ஓடிய அறையில் வையுங்கள். குளிர்ச்சிதான் தண்ணீராகிறது என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நனைய வேண்டும். குளியலறை பாட்டில்தான் அதிகம் நனையும். மாறியது பாட்டில் அல்ல, சுற்றியுள்ள காற்று. காற்றின் பக்கம் பிள்ளையின் கண் திரும்பும் இடம் இதுதான்.

அங்கே ஓர் அளவைச் சொல்லலாம். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர ஊரில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கும். நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் 10 அடி உள்ள அறைக்குக் கணக்கிட்டால் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர். அந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே ஆவி நீராகப் படியத் தொடங்கும். வறண்ட கோடை நாளில் அந்த எல்லை மிகவும் கீழே போய்விடும். அன்று கரண்டி சரியாக நனையாமல் போகலாம். இந்தச் சோதனைகளைப் புழுக்கமான நாளில் செய்வது நல்லது.

இரண்டாவது பிள்ளைக்குச் சோதனை தேவையில்லை, கேள்விதான் தேவை: “அந்த நீராவி முன்னாடி எங்கே இருந்தது?” “காற்றில்” என்றால் அடுத்தது: “அப்போ சுவர்ல ஏன் படியலை?” இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடிந்தால் பிள்ளை 3ஆம் நிலைக்கு வந்துவிட்டது. தடுமாறினால், கையில் இருந்தது சொல் மட்டுமே. மாறாக, “காத்துக்கு வேர்க்குது” என்று ஒரு பிள்ளை சொன்னால் சொல்லை வைத்துத் தவறு என்று முடிவு கட்டாமல் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்; சரியான கருத்து அதற்குள் இருக்கலாம்.

நோட்டில் குறிக்கும்போது இரண்டு குறிப்புகள் போதும்: நிலை எத்தனை, தவறான கருத்து எது. முதல் பிள்ளைக்கு ‘3, பாத்திரத்தின் வழியே கசிவு’. கரண்டிச் சோதனைக்குப் பிறகு அதே பிள்ளை, “உள்ளேயிருந்து வரலை. காத்துல ஏதோ இருக்கு. ஆனா ஏன் ஜில்லுன்னு இருந்தா மட்டும் வருதுன்னு தெரியலை” என்று சொன்னால் நிலை 2க்கு இறங்கும், தவறான கருத்துக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது பின்னடைவாகத் தெரியும். இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, பிள்ளை இதுவரை சொன்னதிலேயே இதுதான் நல்ல விடை என்பது விளங்கும்.