இரண்டு சிக்கனங்கள், ஒரு தாமதம்

ஒரே ஒரு எழுத்தை அனுப்பினாலும் டிசிபியும் ஐபியும் சேர்ந்து அதற்குக் குறைந்தது 40 பைட் தலைப்பைச் சேர்க்கின்றன. இந்த வீண்செலவைக் குறைக்க 1984இல் ஜான் நேகிள் ஒரு விதி வகுத்தார்: முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வராதவரை, அடுத்த சிறு பொட்டலம் காத்திருக்க வேண்டும். பெறும் பக்கத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. ஒப்புகையைத் தனியே அனுப்பாமல், பதிலோடு சேர்த்தனுப்பலாம் என்று அது சற்றுப் பொறுக்கும். தனித்தனியே இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தாம்.

ஒரு நிரல் தன் கோரிக்கையின் தலைப்பை முதலிலும் உள்ளடக்கத்தை அடுத்தும் எழுதுகிறது என்று கொள்வோம். தலைப்பு உடனே போய்விடும். உள்ளடக்கம் ஒப்புகைக்காக நிற்கும். சர்வருக்கோ பாதிக் கோரிக்கைதான் கிடைத்திருக்கிறது. பதில் சொல்ல ஏதுமில்லாததால் ஒப்புகையும் தங்கிவிடுகிறது. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க, கடைசியில் சர்வரின் கடிகாரம்தான் முடிச்சை அவிழ்க்கிறது: லினக்ஸில் பெரும்பாலும் 40 மில்லிவிநாடி, பழைய பிஎஸ்டி அமைப்புகளில் 200 வரை. ஒரு மில்லிவிநாடியில் போய்த் திரும்பும் உள்வலையில் இது பெரிய இழப்பு.

பொட்டலப் பதிவில் இரு சிறு பொட்டலங்களுக்கிடையே மாறாமல் 40 மில்லிவிநாடி இடைவெளி தெரிந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தடவையில் எழுதுவதே சரியான தீர்வு. அது முடியாதபோது `TCP_NODELAY` நேகிள் விதியை அணைத்துவிடும். ஆனால் துண்டுதுண்டாக எழுதும் நிரலில் சிறு பொட்டலங்கள் மறுபடி பெருகும்.