ஏழு காட்டினால் போதுமா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைகளில் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகிவைக்கும் பிஹெச் மீட்டரை எல்லோரிடமும் பார்க்கலாம். விடிகாலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு முறை குளத்து நீரில் முக்கி எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் ஏழாம் நம்பர் பஃபர் கரைசலில் விட்டுப் பார்ப்பார்கள். "ஏழு காட்டுது, மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவைத்துவிடுவார்கள்.

இந்தச் சோதனையில் செத்துப்போன மீட்டர்கூட பாஸாகிவிடும் என்பதுதான் சிக்கல்.

பேனாவின் நுனியில் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். அதன் உள்ளே பிஹெச் 7 உள்ள திரவத்தை அடைத்திருப்பார்கள். வெளியே உள்ள நீரின் பிஹெச் உள்ளே இருப்பதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்குக் கண்ணாடியில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். 25 டிகிரி வெப்பத்தில், ஒரு பிஹெச் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். அதைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. வெளியேயும் 7 என்றால் வித்தியாசமே இல்லை, மின்னழுத்தம் பூஜ்யம். குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து உள்ளும் புறமும் கலந்துவிட்டாலும் அதே பூஜ்யம்தான் வரும். மீட்டர் அப்போதும் 7-ஐ ஒட்டித்தான் காட்டும். காலித் தராசின் முள் நடுவில் நிற்பதை வைத்து எடைக்கல் சரி என்று முடிவுகட்டுகிறோமா?

எடைக்கல்லைச் சோதிக்க இரண்டாவது பஃபர் வேண்டும். விலை குறைந்த பேனாக்களோடு வரும் பொட்டலங்களில் பெரும்பாலும் 6.86, 4.00, 9.18 என்று அச்சிட்டிருக்கும். இறால் குளத்து நீர் பொதுவாக ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருப்பதால் நமக்கு வேண்டியது 6.86-உம் 9.18-உம். அளக்கப்போகிற நீர் இரண்டு பஃபருக்கும் நடுவில் வர வேண்டும். 4.00 பொட்டலம் இந்த வேலைக்கு உதவாது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவு டிஸ்டில்டு வாட்டரில், வழக்கமாக 250 மில்லியில், தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். முதலில் 6.86. நுனியைக் கழுவி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றியெடுத்து, கரைசலில் லேசாகச் சுழற்றி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து அப்புறம்தான் திருகையோ CAL பொத்தானையோ தொட வேண்டும். குமிழைத் துணியால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கீறல் விழும், நிலைமின்சாரம் ஏறி எண் கொஞ்ச நேரம் அலைபாயும். பிறகு மறுபடி கழுவி ஒற்றி, 9.18-இல் விடுங்கள். இங்கே உடனே பொத்தானை அழுத்திவிடாதீர்கள். திருத்துவதற்கு முன்னால் மீட்டர் தானாக என்ன காட்டுகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பேனாவின் உடல்நிலையைச் சொல்வது அந்த எண்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 6.86-இல் சரிசெய்த பேனா 9.18-இல் 8.72 காட்டுகிறது என்று வையுங்கள். 2.32 நகர வேண்டியது 1.86 மட்டும் நகர்ந்திருக்கிறது, அதாவது 80 சதவீதம். துறையில் இதை ஸ்லோப் என்பார்கள். 95-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே போனால் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். இதே பேனாவை 6.86 மட்டும் பார்த்துவிட்டுக் குளத்துக்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்? காலையில் உண்மையான பிஹெச் 7.9, மாலையில் 8.5 என்றால் பேனா 7.69, 8.17 என்று காட்டும். ஒரே நாளில் அரைக்கு மேல் ஏறி இறங்கினால் பாசி மிஞ்சுகிறது, கவனிக்க வேண்டும் என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. உண்மையில் ஏற்றம் 0.6. பேனா சொல்வது 0.48. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. பிஹெச் ஏறும்போது தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கும் வேகமாக ஏறுகிறது. அதனால் இது வெறும் நோட்டுப்புத்தகத் தவறு அல்ல.

பேனாவைக் குறை சொல்லும் முன் பஃபரைச் சந்தேகப்படுங்கள். 9.18 கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லக் கீழிறங்கும். மூடி திறந்தே கிடந்த பழைய கரைசல் 9.18 ஆக இருக்காது. புதுப் பொட்டலம் ஒன்றைக் கரைத்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். இன்னொன்று, அச்சிட்ட எண் 25 டிகிரிக்கானது. 30 டிகிரியில் அந்தக் கரைசலின் உண்மையான மதிப்பு 9.14 தான். 'ஏடிசி இருக்கிறது' என்று விற்பனையாளர் சொல்வது எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தை வெப்பத்துக்கேற்பத் திருத்துவதைத்தான். திருகு வைத்த பேனா என்றால் நாம்தான் பொட்டலத்து அட்டவணையைப் பார்த்து 9.14-க்குத் திருக வேண்டும்.

பஃபர் புதிது, ஆனாலும் ஸ்லோப் குறைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பேனாவை வைத்திருக்கும் விதத்தில் இருக்கும். கண்ணாடிக் குமிழின் மேல்பரப்பு ஈரத்தில் ஊறியிருந்தால்தான் வேலை செய்யும். உலர்ந்தால் மந்தமாகிவிடும். இது பலருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே மூடியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் அது. நுனியில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு நுண்துளை அடைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் பொட்டாசியம் குளோரைடு கரைசல். ஒப்பீட்டுக்கான மின்முனை அந்தக் கரைசலை நம்பித்தான் நிற்கிறது. வெளியே உப்பே இல்லாத நீர் இருந்தால் உள்ளே உள்ள உப்பு கசிந்து கசிந்து வெளியேறும். சில வாரங்களில் எண் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியேயும் அதே உப்பு இருந்தால் கசிய வேண்டிய அவசியமே இல்லை. அதனால் மூடியில் இருக்க வேண்டியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. ஸ்டோரேஜ் சொல்யூஷன் என்று கடையில் கிடைக்கும். ஆய்வகத் தரத் தூள் 22 கிராம் எடுத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தும் செய்துகொள்ளலாம். பண்ணைக் கொட்டகையில் கிடக்கும் பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடுதானே என்று கை நீளும். அதிலுள்ள அசுத்தங்கள் நுண்துளையை அடைத்துவிடும், வேண்டாம். கரைசல் கையில் இல்லாத நாட்களில், மிச்சம் வைத்த அந்த 4.00 பஃபரை மூடியில் ஊற்றிவைக்கலாம். மூடியோரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும்.

உலர்ந்துபோன பேனாவை ஓர் இரவு முழுக்க இந்தக் கரைசலில் ஊறவிட்டு, மறுநாள் இரண்டு பஃபரிலும் பாருங்கள். பாசி வழவழப்பு ஒட்டியிருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த நீரிலும், சுண்ணாம்புப் படலம் என்றால் வினிகரிலும் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு காலிபரேஷன். அப்படியும் 85-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த நுனி முடிந்தது. நுனியைக் கழற்றி மாற்ற முடியாத பேனா என்றால் புதிது வாங்க வேண்டியதுதான். கடையில் வாங்கும்போதே மூடியைத் திறந்து பாருங்கள். பல பேனாக்கள் அலமாரியிலேயே காய்ந்துதான் வருகின்றன. அவற்றையும் ஓர் இரவு ஊறவைத்த பிறகே முதல் பஃபரில் விட வேண்டும்.