ஜெர்மனியில் கணக்கு தொடங்குமுன் தெரிய வேண்டிய சொற்கள்

நம் ஊர்ப் பழக்கத்தில் ஜெர்மன் வங்கியில் போய்ச் சேமிப்புக் கணக்கு கேட்டால், ‘ஷ்பார்கோன்டோ’வைத் தருவார்கள். அது பணத்தைப் போட்டு வைப்பதற்கு மட்டும்தான். சம்பளம் வாங்கவும் வாடகை கட்டவும் வேண்டியது ‘ஜிரோகோன்டோ’, அதாவது அன்றாடக் கணக்கு. மாணவர்கள் விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டும் ‘ஷ்பெர்கோன்டோ’ வேறு. அது முடக்கப்பட்ட கணக்கு; அதிலிருந்து மாதாமாதம் குறிப்பிட்ட தொகைதான் ஜிரோகோன்டோவுக்கு வரும்.

அடுத்து, பணம் வெளியேறும் வழிகள். ‘ஊபர்வைசுங்’ என்றால் நாமே ஒருமுறை பணம் அனுப்புவது. ‘டாவர்ஆவுஃப்ட்ராக்’ என்றால் இன்ன தேதியில் இவ்வளவு அனுப்பு என்று வங்கிக்கு நாம் தரும் நிலையான உத்தரவு. வாடகைக்கு இதுவே வசதி. இரண்டிலும் தொகையை முடிவு செய்வது நாம்.

‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ அப்படியல்ல. இதில் நம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்வது எதிர்த்தரப்பு. அதற்கு நாம் எழுதித் தரும் அனுமதிக்கு ‘மன்டாட்’ என்று பெயர். புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு மாணவியின் கணக்கில் 15ஆம் தேதி 150 யூரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் மருத்துவக் காப்பீட்டுக்காக 140 யூரோ போய்விடுகிறது. அடுத்து ஒலி, ஒளிபரப்புக் கட்டணம் வருகிறது. மாதம் 18.36 யூரோதான், ஆனால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோவாக எடுப்பார்கள். மீதியோ 10 யூரோ. இருப்பதை மட்டும் கொடுத்துவிட்டு வங்கி பாக்கி வைக்காது. கோரிக்கையை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். இதுதான் ‘ரூக்லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’. நம் ஊரில் செக் திரும்புவதைப் போன்றது. திரும்பியதற்கான செலவும் அவள் தலையில் விழும். கவனிக்காமல் விட்டால் ‘மானுங்’ என்ற நினைவூட்டல் கடிதம் வரும்.

‘டிஸ்போ’ இருந்தால் திரும்பாது. கணக்கில் இருப்பதற்கு மேல் குறிப்பிட்ட அளவுவரை எடுக்க வங்கி தரும் கடன் வசதி அது. புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் உடனே கிடைக்காது. கிடைத்தாலும் பல வங்கிகளில் வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டும். மாதக் கடைசியில் கைகொடுக்கும் வசதியாக அதை நினைக்கவே கூடாது என்பது என் கருத்து.

லாஸ்ட்ஷ்ரிஃப்டில் நமக்கு வலுவான பாதுகாப்பும் உண்டு. நாம் அனுமதித்து எடுத்த பணத்தைக்கூட 8 வாரத்துக்குள், காரணம் சொல்லாமலே, வங்கியிடம் கேட்டுத் திரும்பப் பெறலாம். அனுமதியே இல்லாமல் எடுத்திருந்தால் 13 மாதம்வரை அவகாசம். ஆனால் பணம் திரும்பிவிட்டதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா உண்மையிலேயே பாக்கி என்றால், அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

‘கோன்டோஆவுஸ்ட்சுக்’ எனும் கணக்கு அறிக்கையை மாதம் தவறாமல் திறந்து பாருங்கள். அந்த 8 வாரம், பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் கவனித்த நாளிலிருந்து அல்ல.