பிழையில்லாத கட்டுரைக்கு என்ன சொல்வது?

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் கட்டுரையை வாசித்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்று கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பிழை விடும் பிள்ளைக்குப் பக்கம் முழுக்கத் திருத்தம் கிடைக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கோ அந்த ஒரு சொல்தான் கிடைக்கிறது.

எமது மாலை வகுப்புக்கு வரும் தரம் 10 மாணவி ஒருத்தி ‘நீரைச் சேமிப்போம்’ என்று எழுதியிருந்தாள். குறளோடு தொடக்கம், மூன்று பந்திகள், அறிவுரையோடு முடிவு. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டால், அதைக் கொழும்புப் பிள்ளையும் எழுதியிருக்கலாம், மட்டக்களப்புப் பிள்ளையும் எழுதியிருக்கலாம். அவள் வீட்டுக்கு வரட்சிக் காலத்தில் பவுசரில்தான் தண்ணீர் வருகிறது. அது கட்டுரையில் எங்குமே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சோம்பலால் இவ்வாறு எழுதுவதில்லை. புள்ளி வாங்கித்தந்த வழியை விட்டு விலகினால் முதலிடம் போய்விடும் என்ற பயமே காரணம். “சொந்தமாக எழுது” என்று மட்டும் சொன்னால் அலங்காரச் சொற்களைத்தான் கூட்டுவார்கள்.

எனவே முதலில் அவளது பந்தி ஒழுங்கு எங்கே நன்றாக அமைந்திருக்கிறது என்று காட்டினேன். பிறகு, “நீர் உயிரினங்களின் உயிர்நாடி” என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, “இது எல்லோருக்கும் தெரியும். உமக்குத் தெரிந்தது என்ன?” என்று கேட்டேன். அவள் பேசாமல் இருந்தாள். “பவுசர் வந்தால் வீட்டில் முதலில் எதை நிரப்புவீங்கள்?” என்றேன். அதற்கு உடனே பதில் வந்தது. அந்த ஒரு பந்தியை மட்டும் திருப்பி எழுதும்படியும், அதற்குப் புள்ளி போடமாட்டேன் என்றும் சொன்னேன்.

மறுநாள் கொண்டுவந்தாள்: “அம்மம்மா முதலில் குடிக்கிற பானையை நிரப்புவா. அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்குப் போகும். வாரத்துக்கு இரண்டு பரல் கிடைக்கிற எங்களுக்குச் சேமிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. தாராளமாகக் கிடைக்கிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.”

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தலைப்போடேயே அவள் வாதாடுகிறாள். சொந்தச் சிந்தனை வந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். சொல் எளிமையாகிவிடும், கருத்துக் கூர்மையாகிவிடும்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. சொந்தமாக எழுதுவது என்றால் இழப்பை எழுதுவது என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எங்கள் பிள்ளைகளிடம் போரையும் இடப்பெயர்வையும் கேள்வி கேட்டு வெளியே இழுக்க வேண்டாம். சமையல், சந்தை, கிணற்றடி என்று அன்றாடம் காண்பவற்றைக் கேட்டாலே போதும். அடுத்தது, சாதாரண தரப் பரீட்சையில் தொடக்கம், பந்தி, முடிவு என்ற ஒழுங்கு அவசியம். அதைக் குலைக்கச் சொல்லாமல், உள்ளே ஒரு பந்தியையாவது பிள்ளையின் சொந்தப் பந்தியாக எழுதச் சொல்லுங்கள்.